முளைப்பாரி ஊர்வலத்துக்கு நடைப்பாட்டு எழுதுவது எப்படி?

*கேள்வி: சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். இந்த வருசம் முளைப்பாரி ஊர்வலத்துக்குப் புதுசா ஒரு பாட்டு எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. கோயில்ல இருந்து வைகைக் கரை வரைக்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். ரெண்டு தப்பு, ஒரு உறுமி. நான் எழுதின முதல் வரி: "மழைவளம் பெருகி மக்கள் நலமுடன் வாழ்ந்திட அருள்புரிவாய் மாரியம்மா". உட்கார்ந்து பாடும்போது நல்லா இருக்கு, நடந்துக்கிட்டே பாடினா எல்லாரும் தடுமாறுறாங்க. வரியைக் காலடிக்கும் அடிக்கும் எப்படிப் பொருத்துவது?*

உங்கள் வரியில் பொருள் குற்றம் எதுவும் இல்லை. அது உட்கார்ந்து எழுதிய வரி, அவ்வளவுதான். ஏன் தடுமாறுகிறது என்பதைப் பார்க்க, முதலில் மேளத்திடம் போக வேண்டும்.

தப்பு அடிப்பவர்களை ஒருநாள் சாயங்காலம் பிடித்து, ஊர்வலத்துக்கு அவர்கள் வழக்கமாக அடிக்கும் அடியை அடிக்கச் சொல்லுங்கள். "திஸ்ரமா, சதுஸ்ரமா" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அவர்களுக்கு ஒவ்வோர் அடிக்கும் சொந்தப் பெயர் உண்டு, அடித்துக் காட்டினாலே போதும். அந்த அடிக்கு ஏற்றபடி நீங்கள் நடந்துகொண்டே ஒவ்வொரு காலடிக்கும் "தகிட, தகிட" என்று சொல்லிப் பாருங்கள். வாய் தானாக உட்கார்ந்தால் ஒரு காலடிக்கு மூன்று எழுத்து, அதாவது மும்மை நடை. உட்காராமல் "தகதிமி" உட்கார்ந்தால் நான்கு எழுத்து, நான்மை நடை. உறுமியோடு போகும் ஊர்வல அடி பல ஊர்களில் "தகிட"வில்தான் விழும். உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

அடுத்தது எழுத்தை எண்ணுவது. பள்ளிக்கூடத்தில் படித்த நேரசை, நிரையசையை இங்கே மறந்துவிடலாம். சிந்து வகைப் பாட்டுக்குக் கணக்கு வேறு. புதுவையின் இலக்கண அறிஞர் இரா. திருமுருகன் சிந்துக்கு யாப்பு வகுத்துத் தந்தபோது சொன்ன கணக்கு இதுதான்: உயிரும் உயிர்மெய்யும் குறிலோ நெடிலோ ஒன்றுக்கு ஓரசை, புள்ளி வைத்த மெய்யை எண்ணக் கூடாது. "மழையும்" என்றால் ம, ழை, யு என்று மூன்று. "நடந்து" மூன்று. "பச்சை" இரண்டுதான், மூன்றாவதை "பச்சை-ஐ" என்று நீட்டி நிரப்பிக்கொள்ள வேண்டும். தெருவில் பாடுகிறவர்கள் இலக்கணம் தெரியாமலே இப்படித்தான் நீட்டுகிறார்கள். எழுதுகிறவன் அந்த நீட்டம் எங்கே விழுகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் வரியை மூன்று மூன்றாக வெட்டுவோம். கோடு விழும் இடமெல்லாம் ஒரு காலடி.

மழைவ | ளம்பெரு | கிமக்கள் | நலமு | டன்வாழ்ந்தி | டஅருள் | புரிவாய் | மாரியம் | மா

மொத்தம் இருபத்தைந்து எழுத்து, ஒன்பது காலடி. வாசித்துப் பார்த்தாலே கோளாறு தெரியும். இரண்டாவது காலடி "ளம்"மில் விழுகிறது, மூன்றாவது "கி"யில், ஐந்தாவது "டன்"னில், ஆறாவது "ட"வில். கால் ஊன்றும் இடத்தில் தொண்டையும் தானாக ஒரு அழுத்தம் கொடுக்கும், மேளமும் அங்கேதான் கனமாக விழும். அந்த அழுத்தம் சொல்லின் வாலில் விழுந்தால் கேட்பவர் காதில் சொல் உடைந்துபோகும். பாடுகிறவர் அதைச் சரி செய்ய நினைத்துச் சொல்லின் தலையைக் காலுக்கு இழுப்பார், இன்னொருவர் இழுக்க மாட்டார். உங்கள் ஊரில் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது கோளாறு அந்த ஒன்பது. ஊர்வல அடி நான்கு காலடிக்கோ எட்டுக் காலடிக்கோ ஒருமுறை சுற்றி வந்து முதல் அடியில் விழும். உங்கள் வரி ஒன்பதாவது காலடியில் முடிந்தால், அடுத்த வரி தொடங்கும்போது மேளம் இரண்டாவது காலடிக்குப் போயிருக்கும். மூன்று வரி தாண்டியதும் பாட்டும் மேளமும் ஆளுக்கொரு திசை. மூன்றாவது கோளாறு, இருபத்தைந்து எழுத்தில் மூச்சு விட ஓரிடம்கூட இல்லை. தலையில் பானையும் ஈர மண்ணுமாகச் சுமந்து, கழுத்தை அசைக்காமல் நடக்கிற பெண்ணுக்கு இது ரொம்ப அதிகம்.

அதே பொருளை வைத்துக்கொண்டே இப்படி மாற்றலாம்:

மழையும் | பொழிய | வேணுமம் | மா- -
மடையும் | நிறைய | வேணுமம் | மா- -
குழந்தை | குடும்பம் | தழைக்க | ணும்- -
கொடிக்கால் | முழுக்க | செழிக்க | ணும்- -

வரிக்கு நான்கு காலடி, இரண்டு வரி சேர்ந்தால் எட்டு. முதல் இரண்டு காலடியிலும் சொல்லின் தலை சரியாகக் காலில் விழுகிறது, மூன்றாவதிலும் விழுகிறது. நான்காவதில் மட்டும் மூன்றாம் சொல்லின் வால் வந்து நிற்கிறது. அங்கே வால் விழுவதில் தப்பில்லை, ஏனென்றால் அதை நீட்டப் போகிறோம். நீட்டி, கடைசி எழுத்து நேரத்தில் மூச்சை இழுத்துக்கொள்ளலாம். சோழவந்தான் பக்கம் என்பதால் "மக்கள் நலம்" போய்க் கொடிக்கால் வந்துவிட்டது. வெற்றிலை விளைகிற ஊரில் அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

மோனையையும் கவனியுங்கள். மழை, மடை. குழந்தை, கொடிக்கால். உ, ஊ, ஒ, ஓ நான்கும் ஒன்றுக்கொன்று மோனையாகும் என்பதால் "கு"வும் "கொ"வும் சேரும். புத்தகத்தில் மோனை அழகுக்கு. தெருவில் அதற்கு வேறு வேலை. பின்னால் வருகிறவர்களுக்கு முழு வரியும் காதில் விழாது, வரியின் முதல் ஒலி மட்டும் விழும். முதல் வரி "ம"வில் தொடங்கியது என்றால் அடுத்ததும் "ம"தான் என்று வாய் முன்கூட்டியே தயாராகிவிடும். ஆகவே நடைப்பாட்டில் வரித்தலை மோனையை விட்டுக்கொடுக்காதீர்கள். எதுகையை வேண்டுமானால் விடலாம்.

நான்காவது காலடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பாட்டு நிற்பதும் விழுவதும் அங்கேதான். மேலே "மா" என்று முடிந்த வரிகளும் "ணும்" என்று முடிந்த வரிகளும் உண்டு. வீட்டுக்குள் பாடினால் இரண்டும் ஒன்றுதான். வெளியில் தப்பும் உறுமியும் முழங்கும்போது "ணும்" வாயை மூடிவிடும். "ம்" என்று மூக்கில் இழுப்பது பத்தடி தாண்டிக் கேட்காது. "மா" வாயைத் திறந்தே வைக்கும். அதனால் பின்னிரண்டு வரிகளை "தழைக்கணுமே", "செழிக்கணுமே" என்று மாற்றிவிடுவேன். "ணு" காலில் விழும், "மே"யை நீட்டலாம். நீட்டத்தில் ஓர் எழுத்து நேரம் குறையும், மூச்சுக்கு இடம் சற்று இறுகும், ஆனாலும் வரி முடிவு தெருக்கோடி வரை போகும். ஆ, ஏ, ஓ இந்த மூன்றில் ஒன்றில் முடியுங்கள்.

பழைய சிந்துகளில் அரையடி முடிந்ததும் ஒரு தனிச்சொல் தொங்கும். நடைப்பாட்டில் அந்த இடம் இந்த நீட்டம்தான். உங்கள் ஊர்ப் பெண்கள் குலவை போடுவதும் இங்கேதான். குலவைக்கென்று தனியாக வரி எழுதாதீர்கள். நீட்டத்தைக் காலியாக விட்டாலே அவர்கள் நிரப்பிவிடுவார்கள்.

எழுத்துக் கணக்கு சரியாக இருந்தும் சில வரிகள் மந்தமாக இருக்கும். காரணம் பெரும்பாலும் வல்லொற்று. "முழுக்க" என்று சொல்லும்போது "ழு"வை அடுத்து "க்" ஒரு கணம் அடைத்து, "க" வெடித்து, அடுத்த காலடிக்குத் தள்ளிவிடும். "நிறைய" அப்படித் தள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும். இரண்டும் வேண்டும். நான்கு காலடியில் ஒரு வல்லொற்று, அதுவும் இரண்டாவது அல்லது மூன்றாவது காலடியில் வந்தால் நடைக்கு நல்ல உந்துதல் கிடைக்கும். மேலே "தழைக்க", "செழிக்க" அந்த வேலையைத்தான் செய்கின்றன. மழை வரியில் அது இல்லை, அதனால்தான் அது கொஞ்சம் மெதுவாகப் போவது போலத் தோன்றும். தொடக்க வரிக்கு அந்த மெதுவு நல்லதுதான்.

இனி வேகம். வெறுங்கையோடு நடக்கிறவர் நிமிடத்துக்கு நூறு காலடிக்கு மேல் வைப்பார். முளைப்பாரி சுமப்பவரின் நடை வேறு. அடி குறுகலாக, தட்டையாக, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நிமிடத்துக்கு 70 காலடி, ஒரு காலடிக்கு 40 சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் வேறாக இருக்கலாம், ஆகவே குடம் சுமந்து நடக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 70 என்றால் காலடிக்கு மூன்று எழுத்து வீதம் 210 எழுத்து, நொடிக்கு மூன்றரை. நடந்துகொண்டே பாடுவதற்கு இது வசதியான வேகம். மேளம் சூடேறி 90-க்குப் போனாலும் நொடிக்கு நாலரை எழுத்து, சமாளிக்கலாம். காலடிக்கு நான்கு எழுத்து வீதம் எழுதியிருந்தால் அந்த 90-இல் நொடிக்கு ஆறு எழுத்து ஆகிவிடும். மூச்சும் வாயும் அதற்குமேல் வராது, பாட்டு வெறும் "ஏய் ஏய்" ஆகிவிடும். உங்கள் ஊர் மேளம் "தகதிமி"யில்தான் அடிக்கிறது என்றால், இதனால்தான் நான்கு எழுத்தை ஒரு காலடியில் திணிக்காமல் இரண்டு காலடிக்குப் பரப்பி எழுதச் சொல்வேன்.

எத்தனை சரணம் வேண்டும் என்பதும் இதே கணக்கில் வந்துவிடும். ஒருவர் எட்டுக் காலடி பாடி, கூட்டம் அதையே திருப்பிப் பாடினால் பதினாறு. நான்கு வரிச் சரணம் முப்பத்திரண்டு காலடி. அதன்பின் பல்லவி ஒருமுறை ஒருவர், ஒருமுறை கூட்டம் என்று பதினாறு. ஆக ஒரு சுற்றுக்கு 48 காலடி, ஏறத்தாழ 41 நொடி, 19 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 2500 காலடி, அதாவது ஐம்பத்திரண்டு சுற்று. வழியில் வாசலுக்கு வாசல் காலில் தண்ணீர் ஊற்றுவதும் ஆரத்தியும் இதில் சேர்த்தி இல்லை. ஐம்பத்திரண்டு சரணம் எழுத வேண்டாம். பத்துப் பன்னிரண்டு போதும், திரும்பத் திரும்ப வரும். ஆனால் எந்தச் சரணமும் முந்தினதை நம்பி நிற்கக் கூடாது. "அப்புறம் அவள் சொன்னாள்" என்று தொடங்கும் சரணம் கதைப்பாட்டுக்குச் சரி. ஊர்வலத்தில் பாதியில் நின்று, வேறிடத்தில் தொடங்க வேண்டிவரும்.

பல்லவிதான் அதிகம் பாடப்படுவது, ஆகவே அது முளைப்பாரியைப் பற்றியே இருக்கட்டும்:

இருட்டில் | வளர்ந்த | முளையே | வா- -
எருவில் | எழுந்த | கொழுந்தே | வா- -

வெளிச்சம் படாத அறையில் வளர்வதால்தான் அந்தப் பயிர் பச்சையாக இல்லாமல் வெளிறி, மஞ்சளாக, நெட்டையாக எழுகிறது. தெருவுக்கு வரும் அன்றுதான் அது வெயிலையே பார்க்கிறது. "வா" என்று கூப்பிடுவது அதனால் பொருந்தும். இதை ஒட்டி ஒரு சரணம்:

பானையில் | வைக்கோல்- | பரப்பி | னோமே-
பதமா | எருவும் | தூவி- | னோமே-
ஊறின | பயறு | விதைச்சோ | மே- -
ஒருவர் | பாராம | வளர்த்தோ | மே- -

"வைக்கோல்" இரண்டெழுத்துத்தான், மூன்றாவதை நீட்டி நிரப்ப வேண்டும். "தூவி"யும் அப்படியே. இரண்டிலும் ஒரு நெடிலோ ஐகாரமோ இருப்பதால் நீட்டம் இயல்பாக வரும். இரண்டும் குறிலாக உள்ள சொல்லை, உதாரணமாக "நெறி", "கனி" போன்றதை, அந்த இடத்தில் வைத்தால் பாடுகிறவர் எந்த எழுத்தை நீட்டுவது என்று தெரியாமல் ஆளுக்கொன்றை நீட்டுவார்கள். நீட்ட வேண்டிய இடத்தில் நெடில் இருக்கட்டும்.

சரி, பாட்டு ஒழுங்காக இருந்தும் தெருவில் குழப்பம் வரும் இன்னொரு காரணம் ஊர்வலத்தின் நீளம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். முன்னால் மேளம், நூறு மீட்டர் பின்னால் கடைசிப் பானை என்றால், அடி அங்கே போய்ச் சேர நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். நிமிடத்துக்கு 70 காலடி வேகத்தில் நம் பாட்டில் ஓர் எழுத்தின் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, பின்வரிசைக்காரர்கள் காதில் கேட்டபடி சரியாகப் பாடினாலும் முன்வரிசையைவிட ஓர் எழுத்து பின்தங்கித்தான் இருப்பார்கள். நடுவில் நிற்பவருக்கு இரண்டும் கேட்டு, "மழையும்" என்பது "மமழைழை" என்று குழம்பும். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

இதற்கு இரண்டு வழி. மேளத்தை நடுவில் விட்டால் தூரம் இருபக்கமும் பாதியாகிவிடும், பிந்தல் அரை எழுத்தாகக் குறையும், அது காதுக்கு உறுத்தாது. ஆனால் பல ஊர்களில் மேளம் முன்னால்தான் போக வேண்டும் என்று வழக்கம் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். அப்படியானால் பாட்டை மாறி மாறிப் பாடும்படி பிரியுங்கள். முன்வரிசை இரண்டு வரி பாட, பின்வரிசை அதைத் திருப்பிச் சொல்லட்டும். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதால், நீட்டமும் இடையில் இருப்பதால், ஓர் எழுத்துப் பிந்தல் அந்த நீட்டத்துக்குள் கரைந்துவிடும். நான்காவது காலடியைக் காலியாக விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பின்வரிசையில் ஒருவர் கையில் சிங்கி கொடுத்து, முன்னால் போகிறவர்களின் காலைப் பார்த்துத் தட்டச் சொன்னால் இன்னும் நல்லது. கண்ணுக்கு இந்தப் பிந்தல் கிடையாது.

சாமி வந்து ஆடும் இடங்களில் தப்புக்காரர்கள் மருள் அடிக்குப் போய்விடுவார்கள். அப்போது பாட்டைத் தொடரப் பார்க்காதீர்கள், காலடியே இல்லாத இடத்தில் நடைப்பாட்டுக்கு வேலை இல்லை. அடி பழையபடி ஊர்வல அடிக்குத் திரும்பியதும் ஒரு முழுச் சுற்றை, எட்டுக் காலடியைச் சும்மா விட்டு, பல்லவியில் தொடங்குங்கள். சரணத்தின் நடுவிலிருந்து தொடர வேண்டாம். முச்சந்தியில் பானையை இறக்கி வைத்துக் கும்மி தட்டுவது உங்கள் ஊரில் உண்டென்றால் இதே வரிகள் அதற்கும் போதும், காலடி விழுந்த இடத்தில் கைத்தட்டு விழும். மேளத்தைக் கொஞ்சம் வேகமாக்கச் சொன்னால் போதும்.

ஊருக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் நாலைந்து பேரை வைத்து ஒரு தெரு நீளம் நடத்திப் பாருங்கள். மேளம் வேண்டாம், தலையில் பாதி நிறைந்த தண்ணீர்க் குடம் வேண்டும். எந்தச் சொல்லில் காலும் வாயும் பிரிகின்றனவோ அந்தச் சொல்லில் குடம் அலம்பும், யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அந்தச் சொல்லை மட்டும் மாற்றுங்கள், வரியை முழுவதும் மாற்றாதீர்கள். தப்புக்காரர்களிடம் பாட்டை எழுதிக் கொடுக்கும்போது மேலே போட்டது போலக் காலடிக் கோடு போட்டே கொடுங்கள். சரணத்தின் நான்காவது வரியைக் கூட்டம் திருப்பிச் சொல்லி முடிக்கும் இடத்தில் முடிவைக் காட்டும் தீர்மானம் ஒன்றை அடிக்கச் சொல்லிவிட்டால், பல்லவி எங்கே தொடங்குகிறது என்று யாரும் கைகாட்டத் தேவையிருக்காது. வைகைக் கரையில் படி இறங்கத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிடுங்கள். படியில் காலடி ஒரே அளவாக விழாது, அங்கே குலவையும் மேளமும் போதும்.